பணம் வந்தது, நாள் வரவில்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் நான் வேலை பார்த்த காலத்தில், மாதம் பிறந்து ஏழாம் தேதிக்குள் சம்பளச் சீட்டு கைக்கு வந்துவிடும். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஏழாம் தேதி முடிவதற்குள் கூலி தந்தாக வேண்டும் என்பது அப்போது நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டத்தின் விதி. எங்கள் கம்பெனி அதில் தவறியதில்லை. சீட்டை வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் கீழே வலது மூலைக்குத்தான் போகும். கைக்கு வரும் தொகை அங்கேதான் இருக்கும். மேலே இடது பக்கம் ஒரு சின்னக் கட்டத்தில் வேலை நாள், விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு என்று மூன்று எண்கள் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. தொகை சரியாக இருந்தால் நாளும் சரியாகத்தானே இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை.

நான் பிளஸ் டூ படித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவன். அதனால் எங்கள் ஷெட்டில் யாருக்கு லெட்டர் எழுத வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். லீவு, அட்வான்ஸ், பேங்க் கணக்கு மாற்றம், பி.எஃப். பதிவில் அப்பா பெயரில் ஒரு எழுத்துப் பிழை என்று பலதும் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒரு லெட்டரை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த லெட்டரை எழுதியபோது கம்பெனி ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைத்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணுக்கு வர வேண்டிய பணம் வராமல் போக இருந்தது.

இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு அக்கா இருந்தார். ஆவடியிலிருந்து ரயிலில் பட்டரவாக்கம் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே வருவார். மெஷினிலிருந்து வரும் புஷ்களை கேஜ் வைத்துப் பார்த்து, நல்லதையும் கழிவையும் பிரித்து, தாளில் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. தினக்கூலி 400 ரூபாய். 2018 மே மாதம் அவருடைய கணவர் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அக்கா மே இரண்டாம் வாரத்தில் வேலைக்கு வருவதை நிறுத்தி, ஜூன், ஜூலை முழுவதும் சம்பளமில்லா விடுப்பில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 1-ஆம் தேதி திரும்ப வந்தார்.

இரண்டு மாதத்துக்கு மேல் வராதவர் என்பதால் விரல் ரேகை மெஷினில் அவருடைய பதிவை நிறுத்தி வைத்திருந்தார்கள். விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். மறுபடி பதிய வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். அதுவரை ஷிப்ட் சூப்பர்வைசரிடம் இருக்கும் கை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 1, 2, 3, 4, ஞாயிறு விட்டு 6, 7 என்று ஆறு நாள் அப்படிப் போட்டார். 7-ஆம் தேதி மாலை கலைஞர் காலமானார். 8-ஆம் தேதி மாநிலம் முழுவதும் பொது விடுமுறை. எங்கள் கம்பெனியும் மூடியிருந்தது, ஆனால் அந்த நாளுக்குக் கூலி உண்டு என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். 9-ஆம் தேதி மெஷின் சரியானது. அதன் பிறகு அவர் விரல் வைத்த நாள் எல்லாம் ஒழுங்காக ஏறியது.

டைம் ஆபீஸில் அந்த மாதச் சம்பளம் போட்டபோது மெஷினில் இருந்த கணக்கை மட்டும் எடுத்தார்கள். கை ரிஜிஸ்டர் சூப்பர்வைசர் மேஜையிலேயே இருந்துவிட்டது. ஆகஸ்டில் 25 நாள் வர வேண்டியவருக்கு 18 நாள் வந்தது. அக்கா உடனே போய்ச் சொன்னார். அவர்களும் மறுக்கவில்லை. “அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுர்றோம்மா” என்றார்கள். சொன்னபடியே செப்டம்பர் சம்பளச் சீட்டில் அரியர்ஸ் என்ற தலைப்பில் 2,800 ரூபாய் வந்தது. ஏழு நாள், நாளுக்கு 400. கணக்கு நேர். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

2019 பிப்ரவரியில் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. சிகிச்சைக்கு எந்தத் தடையும் வரவில்லை. முப்பது நாள் ஓய்வு தேவை என்று மருத்துவர் சான்று கொடுத்தார். நோயில் இருக்கும் நாட்களுக்குச் சராசரி நாள் கூலியில் 70 சதவீதத்தை இஎஸ்ஐ தரும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆக 28 நாள், நாளுக்கு 280 ரூபாய், மொத்தம் 7,840 ரூபாய். கணவர் இன்னும் முழுதாக வேலைக்குப் போகாத வீட்டில் அது ஒரு மாத வாடகையும் அரிசியும்.

கிளை அலுவலகத்தில் சான்றை வாங்கிக் கணினியில் பார்த்தவர், “உங்களுக்குத் தகுதி வரலம்மா, நாலு நாள் குறையுது” என்றார்.

இந்த இடத்தில் இஎஸ்ஐ எப்படி எண்ணுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆண்டை இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதல் அரையாண்டில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் கிடைக்கும். இரண்டாம் அரையாண்டில் கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. நோய்க்காலப் பணம் பெற, அதற்குரிய அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்குக் கூலி பெற்றிருக்க வேண்டும். அக்கா பிப்ரவரியில் படுத்ததால் பார்க்க வேண்டியது 2018 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. ஏப்ரலில் 24 நாள், மே மாதம் 8, ஜூன், ஜூலை பூஜ்யம், ஆகஸ்டில் 18, செப்டம்பரில் 24. கூட்டினால் 74. விட்டுப்போன ஏழு நாளும் ஏறியிருந்தால் 81.

அந்த ஏழு நாளுக்கு இஎஸ்ஐ கட்டாமல் விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அப்போது தொழிலாளி பங்கு கூலியில் 1.75 சதவீதம். 2,800 ரூபாய்க்கு அது 49 ரூபாய். செப்டம்பர் சீட்டில் 9,600 ரூபாய் கூலியோடு 2,800-ஐச் சேர்த்து, 12,400-க்குக் கணக்குப் போட்டு 217 ரூபாய் பிடித்திருந்தார்கள். கம்பெனியும் தன் பங்கைக் கட்டியிருந்தது. மாதாமாதம் இஎஸ்ஐக்கு இணையத்தில் ஏற்றும் பட்டியலில் ஒவ்வொரு ஆளுக்கும் எண், பெயர், நாள், கூலி என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அரியர்ஸ் தொகை கூலிக் கட்டத்தில் ஏறிவிட்டது. நாள் கட்டத்தில் செப்டம்பருக்கு உரிய 24 மட்டுமே நின்றது. பணம் ஒரு மாதம் தள்ளிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். நாள் அப்படிச் சேராது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஆகஸ்ட் மாதத்தில்தான் இருக்க முடியும்.

கிளை அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். “கம்பெனி ஆகஸ்ட் மாச நாளைத் திருத்தி, மஸ்டர் நகலோட எழுதித் தரட்டும். நாங்க பார்த்து மாத்துறோம்” என்று வழி சொன்னார். சலான் கட்டி முடித்த மாதத்தின் கணக்கைக் கம்பெனி தன் மேஜையிலிருந்தபடியே அழித்து எழுத முடியாது. ஆவணத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். கம்பெனி அப்படி எழுத வேண்டுமானால், முதலில் அக்கா கம்பெனிக்கு எழுத வேண்டும்.

அக்கா என்னிடம் வந்தபோது ஆபரேஷன் தையல் பிரித்து சில நாள்தான் ஆகியிருந்தது. கோபத்தில் இருந்தார். “எனக்கு நஷ்டமான ஏழாயிரத்து எண்ணூறையும் இவங்களே தரணும்னு எழுது தம்பி” என்றார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அப்படி எழுதினால் கம்பெனி சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும்: நோய்க்காலப் பணம் தருவது இஎஸ்ஐ, நாங்கள் இல்லை. அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஸ்டோர்ஸில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளின் பின் கார்டில் பத்தாம் தேதி வரவு விட்டுப்போனால், இருபதாம் தேதி வரவில் அதைச் சேர்த்து எழுத மாட்டோம். இருப்பு நேராகிவிடும், ஆனால் பத்தாம் தேதி என்ன நடந்தது என்பது எவருக்கும் தெரியாமல் போகும். பத்தாம் தேதிக்கே ஒரு திருத்த வரி போட்டு, கையெழுத்து வாங்குவோம். சம்பளக் கணக்கிலும் கேட்க வேண்டியது அதுதான். தொகையைக் கேட்க வேண்டாம், அந்த மாதத்தின் நாள் எண்ணைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்போம் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அடுத்தது ஆதாரம். கை ரிஜிஸ்டர் கம்பெனியிடம் இருக்கிறது. நமக்கு நகல் கிடையாது, உள்ளேயிருந்து எந்தத் தாளையும் வெளியே எடுத்துப் போகவும் கூடாது. எடுத்தால் அதுவே ஒரு குற்றச்சாட்டாகும். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் தாளில் அக்கா தினமும் போட்ட கையெழுத்து இருந்தது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தர ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்பதற்காக அந்தத் தாள்களை ஆண்டுக்கணக்கில் பத்திரமாகக் கோப்பில் வைத்திருப்பார்கள். எந்தத் தேதியில் எந்தப் பாகத்தைப் பார்த்தோம் என்று அக்காவுக்கு நினைவிருந்தது. அதைத் தேதிவாரியாக எழுதி, உங்கள் கோப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது போதும் என்று முடிவு செய்தோம். இன்னொரு ஆதாரம் எங்கள் கையிலேயே இருந்தது. அரியர்ஸ் 2,800 ரூபாய். அதை 400-ஆல் வகுத்தால் ஏழு. ஏழு நாள் கூலி பாக்கி என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு கொடுத்த தொகை அது.

லெட்டரை ஒரே பக்கத்தில் எழுதினேன். அனுப்புநர் பகுதியில் பெயர், டோக்கன் எண், பிரிவு, இஎஸ்ஐ எண். பெறுநர், மனிதவள மேலாளர். நகல், டைம் ஆபீஸ். மீதி இப்படி இருந்தது:

“பொருள்: 2018 ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டிலும் இஎஸ்ஐ, பி.எஃப். பதிவுகளிலும் என் வேலை நாட்களைத் திருத்தித் தர வேண்டுதல்.

ஐயா,

2018 ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டில் என் கூலி நாட்கள் 18 எனப் பதிவாகியுள்ளது. சரியான எண்ணிக்கை 25. ஆகஸ்ட் 1, 2, 3, 4, 6, 7 ஆகிய ஆறு நாட்களும் விரல் ரேகைப் பதிவு செயல்படாததால், சூப்பர்வைசர் அறிவுறுத்தியபடி கை ரிஜிஸ்டரில் கையெழுத்திட்டுப் பணிபுரிந்தேன். அந்நாட்களில் நான் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்‌ஷன் தாள்களின் விவரம் பின்பக்கம் உள்ளது. ஆகஸ்ட் 8 நிறுவனம் கூலியுடன் அறிவித்த விடுமுறை.

இந்த ஏழு நாட்களுக்கான கூலி ரூ.2,800 செப்டம்பர் மாதச் சீட்டில் அரியர்ஸாக வழங்கப்பட்டுவிட்டது. தொகை எதுவும் பாக்கியில்லை. ஆனால் நாட்கள் இதுவரை எந்த மாதத்திலும் பதிவாகவில்லை. இதனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என் நாட்கள் 81-க்குப் பதிலாக 74 என உள்ளது. நோய்க்காலப் பலனுக்கு 78 நாட்கள் தேவை.

ஆகவே, (1) ஆகஸ்ட் மாதத்துக்கு 25 நாட்கள் எனத் திருத்திய சம்பளச் சீட்டு வழங்கவும், (2) இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு மஸ்டர் நகலுடன் திருத்தக் கடிதம் அனுப்பவும், (3) பி.எஃப். மாதப் பட்டியலில் இந்த ஏழு நாட்கள் பங்களிப்பு இல்லாத நாட்களாகக் காட்டப்பட்டிருந்தால் அதையும் திருத்தவும் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளச் சீட்டு நகல்கள்.”

தொகை எதுவும் பாக்கியில்லை என்ற வரியை எழுதக் கூடாது என்று அக்கா முதலில் சொன்னார். அந்த வரிதான் இந்த லெட்டரின் பலம் என்று நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். தொழிலாளி லெட்டர் கொடுத்தால் கம்பெனியின் முதல் பயம் பணம் கேட்கிறார்களோ என்பது. அந்தப் பயத்தை முதலிலேயே நீக்கிவிட்டால், எதிரில் இருப்பவர் மீதியைக் கவனித்துப் படிப்பார். யார் தவறு என்றும் எழுதவில்லை. டைம் ஆபீஸ்காரர் மீது பழி சொன்னால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், ரிஜிஸ்டரைத் தேடிக் கொடுக்க மாட்டார்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் தபால் வரவு முத்திரையும் தேதியும் வாங்கினோம். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புவதென்று இருந்தோம். அந்தத் தேவை வரவில்லை. (2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. இப்போது அனுப்புகிறவர்கள் விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.)

மனிதவள மேலாளர் கூப்பிட்டார். அக்காவோடு நானும் போனேன். “பணம்தான் கொடுத்தாச்சேம்மா, அப்புறம் என்ன?” என்றுதான் ஆரம்பித்தார். அக்கா நிதானமாகச் சொன்னார்: “பணம் வந்துடுச்சு சார். அது எந்த நாளோட பணம்னு எழுதித் தாங்க, அது போதும்.” கை ரிஜிஸ்டர் வந்தது. ஆறு கையெழுத்தும் இருந்தன. 8-ஆம் தேதிதான் சிக்கலானது. அன்றைக்கு யாருமே வேலை செய்யவில்லை, அதை எப்படி வேலை நாளாகக் காட்டுவது என்று டைம் ஆபீஸ்காரர் கேட்டார். இஎஸ்ஐ பட்டியலில் கேட்பது வேலை செய்த நாள் இல்லை, கூலி தந்த நாள் அல்லது தர வேண்டிய நாள். கூலியுடன் கூடிய விடுமுறையும் அதில் சேரும். மற்ற எல்லோருக்கும் அந்த ஆகஸ்ட் 8-ஐ எண்ணித்தான் ஏற்றியிருந்தார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்ததும் அவரே ஒப்புக்கொண்டார்.

திருத்திய சீட்டும் கிளை அலுவலகத்துக்கான கடிதமும் தயாராயின. கடிதத்தோடு ரிஜிஸ்டர் பக்கத்தின் நகலும், இரண்டு மாதச் சம்பளப் பதிவேட்டின் நகலும் வைத்தார்கள். கூலித் தொகை ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டதால் புதிதாகக் கட்ட எதுவும் இல்லை. செப்டம்பரில் இருந்த 2,800 ஆகஸ்டுக்கு உரியது என்பதை விளக்கினால் போதுமாக இருந்தது. கோடை தொடங்கும் சமயத்தில் அக்காவின் பேங்க் கணக்கில் 7,840 ரூபாய் ஏறியது.

மூன்றாவது கோரிக்கையாக பி.எஃப்.-ஐச் சேர்த்தது பலருக்குத் தேவையில்லாததாகத் தோன்றியது. அதன் காரணத்தையும் சொல்கிறேன். கம்பெனி மாதாமாதம் பி.எஃப். அலுவலகத்துக்கு ஏற்றும் பட்டியலில் பங்களிப்பு இல்லாத நாட்கள் என்று ஒரு கட்டம் உண்டு. சம்பளமில்லா விடுப்பு அங்கே ஏறும். விட்டுப்போன ஏழு நாளும் அப்படித்தான் ஏறியிருந்தது. அந்த நாட்களைக் கூட்டித்தான் ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலத்திலிருந்து கழிக்கிறார்கள். 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஏழு நாள் ஒருவரை நிறுத்திவிடாது. ஆனால் எஸ்டேட்டில் கம்பெனி மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் இப்படிச் சில நாட்கள் விட்டுப்போனால், 58 வயதில் உட்கார்ந்து கூட்டும்போது விளிம்பில் நிற்பார்கள். அதற்குள் பழைய கம்பெனி மூடியிருக்கும், ரிஜிஸ்டரும் இருக்காது. பிழை நடந்த மாதத்திலேயே எழுதினால் ஆதாரம் அடுத்த அறையில் இருக்கும்.

எல்லாக் கம்பெனியும் இவ்வளவு எளிதில் திருத்தித் தராது என்பதும் எனக்குத் தெரியும். பதிலே வராவிட்டால், முத்திரை வாங்கிய அந்த நகலோடு இஎஸ்ஐ கிளை மேலாளரிடம் மனுக் கொடுக்கலாம். கம்பெனிக்குப் போய்ப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் இஎஸ்ஐ ஆய்வு அதிகாரிகளுக்கு உண்டு. ஆனால் அவர்கள் வந்து எந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது லெட்டரில் இருந்தால்தான் அந்த வருகைக்குப் பயன் உண்டு. “என் கணக்கில் பிழை இருக்கிறது, சரி செய்யவும்” என்று பொதுவாக எழுதிய லெட்டரை வைத்து எந்த அதிகாரியும் எதையும் தேட முடியாது.

2019 ஜூலையில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதமாகக் குறைந்தது. 78 நாள் கணக்கு மாறவில்லை. அக்காவின் லெட்டருக்குப் பிறகு எங்கள் சம்பளச் சீட்டில் ஒரு மாற்றம் வந்தது. அரியர்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த மாதம், எத்தனை நாள் என்று அச்சிட ஆரம்பித்தார்கள். டைம் ஆபீஸ்காரரே முன்வந்து செய்த ஏற்பாடு அது. அந்த விவரம் இல்லாத சீட்டு வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். செப்டம்பர் சீட்டு வந்ததும் ஏப்ரலிலிருந்து ஆறு சீட்டையும் எடுத்து நாட்களை மட்டும் கூட்டிப் பார்க்க வேண்டும். இஎஸ்ஐ தளத்தில் நம் எண்ணில் நுழைந்தால் தெரியும் நாட்களோடு அதை ஒப்பிட வேண்டும். அந்த அரையாண்டின் பலன் ஜனவரியில்தான் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம், யாரும் நோயில் விழாத நேரத்தில், அமைதியாக எழுதித் திருத்திக்கொள்ளக் கிடைக்கிறது. மார்ச் சீட்டு வந்த பிறகு ஏப்ரல் முதல் ஜூன் வரையும் அப்படியே. அரியர்ஸாகப் பணம் வாங்கியவர்கள், அந்தப் பணத்துக்குரிய நாட்கள் எந்த மாதத்தில் ஏறியிருக்கின்றன என்பதை அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.